ஏறும் தேதியா, இறங்கும் தேதியா? தங்கை கல்யாணத்துக்காக ரிசார்ட்டுக்கு எழுதிய மெயில்

என் தங்கை கல்யாணம் மாமல்லபுரம் கடற்கரையில் உள்ள ஒரு ரிசார்ட்டில் நடந்தது. நாங்கள் மதுரை, மாப்பிள்ளை வீடு கோவை. 11ஆம் தேதி மாலை வரவேற்பு, 12ஆம் தேதி காலை 6 மணியிலிருந்து 7.30க்குள் முகூர்த்தம். ரிசார்ட்டோடு பேசும் பொறுப்பு என்னுடையது. போனில் பேசியதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறிப்போனதால், எல்லாவற்றையும் ஒரே மெயிலில் எழுதி, பதிலும் மெயிலிலேயே வாங்குவது என்று முடிவு செய்தேன்.

முதல் மெயிலிலேயே ஒரு பெரிய தப்பு. விருந்தினர் பட்டியலில் டிக்கெட்டில் இருந்த தேதியை அப்படியே போட்டிருந்தேன். மதுரையிலிருந்து 26 பேர் பாண்டியன் எக்ஸ்பிரஸில் வருகிறார்கள். 10ஆம் தேதி இரவு ஏறினால், செங்கல்பட்டில் இறங்கும்போது 11ஆம் தேதி விடிந்தும் விடியாத நேரம். ரிசார்ட்டிலிருந்து வந்த பதிலில் "10ஆம் தேதி அதிகாலை செங்கல்பட்டுக்கு வேன்" என்று இருந்தது. அதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. கவனிக்காமல் விட்டிருந்தால் வேன் ஒரு நாள் முன்னாடியே வந்து காத்திருந்து திரும்பியிருக்கும், பெரியப்பாவும் அத்தைகளும் மறுநாள் இருட்டில் ஸ்டேஷன் வாசலில் நின்றிருப்பார்கள்.

இரண்டாவது மெயிலில் பயணத் தேதி என்ற பத்தியையே எடுத்துவிட்டேன். இறங்கும் தேதி, இறங்கும் நேரம், இறங்கும் இடம், எத்தனை பேர், அவர்களில் ஒருவரின் போன் எண், இவ்வளவுதான். அந்த நேரத்தைப் பார்த்ததும் ரிசார்ட் மேனேஜர் உடனே கூப்பிட்டார். "சார், செக்-இன் மதியம் 2 மணிக்குத்தான். இவங்க அஞ்சரைக்கே வந்துடுவாங்களே, எங்க உட்கார வைப்பீங்க?" எனக்கு அது தோன்றவே இல்லை. 10ஆம் தேதி இரவுக்கே நான்கு அறைகளைச் சேர்த்து எடுத்தோம். வயதானவர்கள் படுக்கவும், மற்றவர்கள் முறை வைத்துக் குளிக்கவும் அது போதுமானதாக இருந்தது. இரவு ரயிலில் உறவினர் வருவதாக இருந்தால் இந்தச் செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

கோவைக்காரர்கள் 18 பேர் சேரன் எக்ஸ்பிரஸில் வந்தார்கள். அது காட்பாடி, அரக்கோணம் வழியாக சென்ட்ரலுக்குப் போகிற ரயில், செங்கல்பட்டுப் பக்கமே வராது. அதனால் அவர்களுக்குத் தனி வண்டி. எல்லாரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்று மாமா சொன்னபோது, இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் மறுத்தேன்.

அப்புறம் சடங்குகள். ரிசார்ட் அனுப்பிய மேடைப் படத்தில் கடல் பின்னணியில் இருந்தது, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் நம் ஊரில் கடல் கிழக்கே. கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் மணமக்கள் மேற்கே பார்ப்பார்கள். எங்கள் ஐயர் கிழக்கு முகமாகத்தான் மணையில் உட்கார வேண்டும் என்றார். மேடையை அப்படியே திருப்பச் சொல்லி, கையால் வரைந்த படத்தை மெயிலோடு இணைத்தேன். விருந்தினர் நாற்காலிகள் கடல் பக்கம் போயின. காலை வெயில் மணமக்கள் கண்ணில் நேராக அடிக்கும் என்பதால் பந்தலின் கிழக்குப் பக்கத்துணியைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டச் சொன்னோம்.

மழை வந்தால் உள் அரங்கம் என்பது மாற்று ஏற்பாடு. அங்கே அக்னி வளர்த்தால் புகை உணரி அலறிவிடும். அந்த நேரத்துக்கு மட்டும் அதை நிறுத்திவைத்து, தீயணைப்புக் கருவியோடு ஒரு ஊழியர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டு, எழுத்தில் ஒப்புதல் வாங்கினேன். வெளியே புல்தரை கருகக் கூடாது என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், நியாயம்தான். செங்கல் அடுக்கி மேலே மணல் பரப்பி அதன்மேல் ஹோமகுண்டம் வைத்தோம்.

நாதஸ்வரம் ஐந்தரைக்கே தொடங்க வேண்டும். திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். அதனால் 6 மணி வரை மைக் இல்லாமல் வாசிப்பது என்று பேசி முடித்தோம். கடற்கரையில் அது இன்னும் நன்றாகவே கேட்டது.

கடைசி மெயிலில் வாசல் காவலருக்காக ஒரு தனிப் பட்டியல் போட்டேன். 12ஆம் தேதி அதிகாலை 3 மணிக்கு மாலை வண்டி, 4 மணிக்கு ஐயர், 4.30க்கு நாதஸ்வரக் குழு, ஒவ்வொன்றுக்கும் வண்டி எண். அந்தத் தாளை இரவுப் பணிக்கு வரும் காவலர் கையிலேயே கொடுக்கும்படி கேட்டிருந்தேன். பகல் மேனேஜர் அந்த நேரத்தில் இருக்க மாட்டார். 3 மணிக்கு மாலைக்காரர் போன் செய்தபோது அவர் ஏற்கெனவே உள்ளே வந்து, பந்தல் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.