தாத்தா அப்பத்தா போட்டோவ பெயிண்டிங்கா வரையுறேன், இதுவரைக்கும் வந்தது

சித்தப்பா பையன் துபாய்ல இருந்து மெசேஜ் போட்டான். "அண்ணே, தாத்தாவும் அப்பத்தாவும் ஸ்டூடியோல எடுத்த அந்த போட்டோவ பெயிண்டிங்கா வரைஞ்சு தர முடியுமா, அப்பத்தாவுக்கு 80 முடியப்போகுது, நான் வர்றப்போ கையில குடுக்கணும், பின்னாடி பாம்பன் பாலம் இருந்தா சூப்பரா இருக்கும்"னு. கூடவே போன லீவுல ஃப்ளாஷ் போட்டு எடுத்த ஒரு படம். அதுல கண்ணாடி பளிச்னு அடிச்சு தாத்தா முகத்துல பாதி இல்ல, சாய்ச்சு எடுத்ததால முகமும் நீண்டு கிடக்கு, அதை வச்சு வரைஞ்சா வேற யாரோ தான் வருவாங்க.

ஒரிஜினல் மண்டபம் ஊர்ல எங்க வீட்டு ஹால்ல தான் தொங்குது, அப்பத்தா பாம்பன்ல சித்தப்பா வீட்டுல இருக்குறதால தெரியாம வேலை பாக்க வசதி. ஃப்ரேமோட பின் அட்டைய கழட்டிப் பாத்தா போட்டோ கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. நம்ம கடல்காத்து ஈரத்துல போட்டோ மேல இருக்குற ஜெலட்டின் இளகி கண்ணாடிய பிடிச்சுக்கும், கடற்கரை வீடுகள்ல பழைய படம் நிறைய இப்படித்தான் இருக்கும். இத பிச்சு எடுக்கவே கூடாது, தண்ணி ஆவி எதுவும் காட்டக் கூடாது, படம் கண்ணாடியிலயும் வெறும் தாள் கையிலயும் வந்துரும். அதனால கண்ணாடியோட வெளிப்பக்கத்த மட்டும் துடைச்சு, ஜன்னல் பக்கவாட்டுல வர்ற மாதிரி தரையில படுக்க வச்சு, போனுக்குப் பின்னாடி கருப்புத் துணிய பிடிக்கச் சொல்லி கொஞ்சம் தள்ளி நின்னு ஜூம் பண்ணி நேரா எடுத்தேன், பளபளப்பு சுத்தமா போயிருச்சு.

பாலம் வேணாம்னு அவன்கிட்ட சொல்லிட்டேன். ஸ்டூடியோ லைட் இடது பக்கமா மெதுவா விழுந்திருக்கு, மூக்குக்கு வலது பக்கம் லேசான நிழல் தான். பின்னாடி கடல் வெயில போட்டா ரெண்டு பேரும் வெட்டி ஒட்டுன மாதிரி நிப்பாங்க. அதுவும் இல்லாம இப்ப கிடைக்குற பாலத்து படத்துல எல்லாம் பக்கத்துல ரோட்டுப் பாலம் நிக்குது, அது 1988ல தான் திறந்தது, போட்டோ அதுக்கு ரொம்ப முன்னாடி. ஸ்டூடியோ திரைச்சீலையவே மங்கலா வச்சுக்கலாம்னதும் சரின்னுட்டான்.

போட்டோவுல முழு உருவம், முகம் பெருவிரல் நகம் அளவு தான். அதனால நெஞ்சு வரைக்கும் 3க்கு 4 இன்ச் பகுதிய மட்டும் எடுத்து 12க்கு 16 கேன்வாஸ்ல நாலு மடங்கா கட்டம் போட்டு ஏத்துனேன். முதல்ல பர்ன்ட் அம்பர், வெள்ளை ரெண்ட மட்டும் வச்சு வெளிச்சம் நிழல். பெருசாக்குனா கண்ணு தெளிவாகாது, புள்ளி புள்ளியா தான் தெரியும். அங்க இமை முடியெல்லாம் நாமளா வரைஞ்சா அழகான கண்ணு வரும், தாத்தா கண்ணு வராது. புருவத்துக்குக் கீழ இருக்குற நிழலோட வடிவத்த மட்டும் அப்படியே வச்சேன், தள்ளி நின்னு பாத்தா அவரு பாக்குறாரு. அக்ரிலிக் நம்ம காத்துக்கு தட்டுலயே காஞ்சுரும், ஈர டிஷ்யூ மேல பட்டர் பேப்பர் விரிச்சு அதுல கலந்தா தான் கன்னத்துல நிழல மெதுவா கரைக்க முடியுது.

அடுத்தது சேலை, ரொம்ப யோசிச்சது இதுக்குத் தான். உடம்பு நடுத்தர சாம்பல், கரை நல்ல கருப்பு. கருப்பு வெள்ளைப் படத்துல பச்சை, நீலம், சிவப்பு எதுவும் அந்த சாம்பலா விழலாம், போட்டோவ மட்டும் வச்சு கலர் சொல்ல முடியாது. அத்தைகிட்ட பேச்சுவாக்குல அப்பத்தாவ கேக்கச் சொன்னேன். "அதுவா, கடுகு கலர் கண்டாங்கி, அரக்கு கரை, எங்கப்பா காரைக்குடியில எடுத்துத் தந்தது"ன்னு உடனே சொல்லிருச்சாம்.

யெல்லோ ஓக்கர்ல துளி பர்ன்ட் சியன்னா கலந்து ஒரு ஓரமா தடவி, காஞ்சதுக்கு அப்புறம் (அக்ரிலிக் காஞ்சா ஒரு படி கருக்கும்) போன்ல பிளாக் அண்ட் ஒயிட் ஃபில்டர் போட்டுப் பாத்தேன். போட்டோவே வெளிறிக் கிடக்குறதால சாம்பல அப்படியே ஒப்பிட முடியாது, தாத்தா சட்டைக்கும் அப்பத்தா முடிக்கும் நடுவுல சேலை எங்க நிக்குதுன்னு தான் பாக்கணும். முதல் கலவை சட்டை பக்கமா வெளுத்து நின்னுச்சு, இன்னும் கொஞ்சம் சியன்னா சேத்ததும் சரியா உக்காந்துச்சு.

இப்ப தாத்தா முகம், சேலை உடம்பு முடிஞ்சிருக்கு. கரையும் அப்பத்தா மூக்குத்தியும் பாக்கி. முடிஞ்சதும் வார்னிஷ் அடிச்சு கண்ணாடி இல்லாத ஃப்ரேம்ல போடப் போறேன், கடலப் பாத்த சுவத்துல மாட்ட வேணாம்னு சித்தப்பாகிட்ட இப்பவே சொல்லி வச்சாச்சு.