எலக்ட்ரீஷியன் ரெஸ்யூமே: 30-க்கு 8 வாங்கியது 22 ஆனது எப்படி

அக்கா மகன் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் முடித்தவன். ஒரு கான்ட்ராக்டரிடம் 14 மாதம், அப்புறம் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் ஹெல்பராக 5 மாதம் வேலை பார்த்திருந்தான். பல இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஒரு அழைப்புகூட வரவில்லை. "மாமா, நீங்க ஆள் எடுக்கிற இடத்தில் இருக்கீங்க, இதில் என்ன தப்புன்னு சொல்லுங்க" என்று ரெஸ்யூமேயையும் இரண்டு வேலை அறிவிப்புகளையும் கொண்டு வந்தான். ஒன்று தனியார் ஆலையில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன் வேலை. இன்னொன்று பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் அப்ரண்டிஸ் அறிவிப்பு.

நான் பல வருடமாக ஆலை மின்பராமரிப்பில் இருக்கிறேன். ரெஸ்யூமேக்கு மதிப்பெண் போடும் வேலை எங்கள் ஆலையில் என் கைக்கு வந்தபோது முதல் தடவை நான் செய்தது தவறு. அறிவிப்பில் இருக்கும் வார்த்தைகள் ரெஸ்யூமேயில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணினேன். பி.எல்.சி., வி.எஃப்.டி., பேனல், மோட்டார் என்று எல்லா வார்த்தையும் இருந்த ஒரு பையன் முதலிடத்துக்கு வந்தான். நேரில் கூப்பிட்டு மோட்டாரை நேரடியாக லைனில் போட்டு ஓட்டும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டரின் கண்ட்ரோல் சர்க்யூட்டை வரையச் சொன்னோம். ஸ்டார்ட் பட்டனை விட்ட பிறகும் மோட்டாரை ஓட வைக்கும் ஹோல்டிங் கான்டாக்டை எங்கே போடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்தத் தடவை ஒரே ஒரு வார்த்தைகூடப் பொருந்தாததால் நான் ஒதுக்கிய ரெஸ்யூமேக்களில் நல்ல ஆள் எத்தனை பேர் இருந்தார்களோ, இன்றும் எனக்கு உறுத்தல்தான். அதன் பிறகு முறையை மாற்றினேன். அந்த முறையில்தான் மருமகனின் ரெஸ்யூமேயையும் பார்த்தேன்.

முதலில் மெயின்டனன்ஸ் வேலை. அறிவிப்பில் இருப்பதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே என்று முடிவாகும் விஷயங்களுக்கு மதிப்பெண் போடக் கூடாது. எலக்ட்ரீஷியன் டிரேடில் ஐ.டி.ஐ. முடித்ததற்கான என்.டி.சி. சான்றிதழ், ஷிஃப்ட் வேலைக்குச் சம்மதம், ஒரு வருட அனுபவம் ஆகியவை இந்த அறிவிப்பில் அப்படிப்பட்டவை. வயர்மேன் டிரேடும் எலக்ட்ரீஷியன் டிரேடும் வேறு வேறு. எலக்ட்ரீஷியன் மட்டும் என்று கேட்ட இடத்தில் வயர்மேன் சான்றிதழுக்குப் பாதி மதிப்பெண் கொடுத்தால், அந்த ஆள் மற்றதில் ஏறி வந்து கடைசியில் சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் திரும்பிப் போவான். இரண்டு பக்கமும் வீண் அலைச்சல்.

மருமகனிடம் இங்கேயே ஒரு சிக்கல் இருந்தது. ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருந்தது, என்.டி.சி.யில் இனிஷியல் மட்டும். ரெஸ்யூமேயில் மூன்றாவதாக ஒரு மாதிரி எழுதியிருந்தான். என்.டி.சி.யில் உள்ளபடியே ரெஸ்யூமேயில் எழுதச் சொன்னேன். ஆதாரோடு ஒத்துப்போக வைக்கும் வேலையைத் தனியாகத் தொடங்கச் சொன்னேன், ஏனென்றால் அப்ரண்டிஸ் பதிவு ஆதாரை வைத்துத்தான் நடக்கிறது.

அடுத்து மதிப்பெண் போட வேண்டிய பகுதி. அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் படித்து நான்கு விஷயமாகச் சுருக்கினேன்: மோட்டாரும் ஸ்டார்ட்டரும் பழுது பார்ப்பது, பேனல் வேலை, மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. மற்றும் இயந்திர ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி., பாதுகாப்பும் பதிவேடும். அறிவிப்பின் முதல் வரியே மோட்டார் பிரேக்டவுன் பற்றியது என்பதால் அதற்கு எடை 4. மற்ற மூன்றுக்கும் தலா 2.

ஒவ்வொன்றிலும் 0 முதல் 3 வரை நிலை உண்டு. ரெஸ்யூமேயில் பேச்சே இல்லை என்றால் 0. பெயர் மட்டும் எழுதியிருந்தால் 1. ஐ.டி.ஐ. பட்டறையில் செய்தது அல்லது வேலையிடத்தில் ஒருவருக்கு உதவியாக நின்று செய்தது தெரிந்தால் 2. வேலையிடத்தில் தானே செய்து, என்ன இயந்திரம், என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தான் என்று விவரம் இருந்தால் 3. நிலையை எடையால் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் 30. என் ஆலையில் 18-க்கு மேல் வந்தால் நேர்காணலுக்குக் கூப்பிடுவோம். அந்த எல்லையை ஆள் வரத்தைப் பொறுத்து ஏற்றி இறக்கலாம், நிலைகளின் விளக்கத்தை மட்டும் நடுவில் மாற்றக் கூடாது.

மருமகன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "ஒன்றரை வருட அனுபவம். அனைத்து எலக்ட்ரிக்கல் வேலைகளும் தெரியும். மோட்டார், பேனல், பி.எல்.சி., வி.எஃப்.டி., ஆட்டோகேட்." மோட்டார் 1, நான்கால் பெருக்க 4. பேனல் 1, அதற்கு 2. வி.எஃப்.டி., பி.எல்.சி. 1, அதற்கு 2. பாதுகாப்பு 0. ஆக 30-க்கு 8. ஆட்டோகேடை அறிவிப்பு கேட்கவே இல்லை, அதனால் அதற்கு ஒன்றும் கிடையாது. அவன் முகம் வாடிப்போனது. ஆனால் அந்தத் தாளுக்கு மதிப்பெண் போட்டேனே தவிர அவனுக்குப் போடவில்லை என்பதை அவனுக்குப் புரிய வைக்க வேண்டியிருந்தது.

"நூற்பாலையில் நீயே கை வைத்துச் சரி செய்த ஒரு பழுதைச் சொல்லு" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான். ஒரு 5.5 கிலோவாட் மோட்டார், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர், ஒரே நாளில் மூன்று நான்கு முறை கரண்ட் கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலே ட்ரிப் ஆகியிருக்கிறது. முந்தைய ஷிஃப்டில் யாரோ ரிலே செட்டிங்கை ஏற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இவன் கிளாம்ப் மீட்டரை மூன்று பேஸிலும் போட்டுப் பார்த்திருக்கிறான். ஒரு பேஸில் கரண்ட் மற்ற இரண்டைவிட வெகு குறைவு. சப்ளையை நிறுத்தி, யாரும் திரும்பப் போடாமலிருக்க டேக் மாட்டி, பேனலைத் திறந்து பார்த்தால் அந்தப் பேஸின் ஃபியூஸ் கேரியர் பிடி தளர்ந்து கருகியிருந்தது. கேரியரை மாற்றி, இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரில் மோட்டாரைப் பார்த்து, ரிலேயைப் பழைய அளவுக்கே இறக்கி ஓட்டியிருக்கிறான்.

"பழைய அளவு எவ்வளவு?" என்றேன். இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்பேன், ஏனென்றால் பிறர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் இங்கேதான் தடுமாறுவான். மோட்டாரின் பெயர்ப்பலகையில் 11 ஆம்பியர் என்று இருக்கும். ரிலேயையும் 11-இல் வைப்பது என்பதுதான் பலர் சொல்லும் பதில். ஆனால் வழக்கமான ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே, மெயின் கான்டாக்டருக்குக் கீழே வைண்டிங்குக்குப் போகும் பாதையில் இருக்கிறது. டெல்டாவில் ஓடும்போது அந்த வழியாகப் போவது லைன் கரண்டின் 0.58 பங்குதான். அதனால் செட்டிங் 6.4 ஆம்பியர் அளவில் இருக்க வேண்டும். 11-இல் வைத்தால் மோட்டார் எரியும் வரை ரிலே சும்மா இருக்கும். மருமகன் "ஆறரைக்குப் பக்கத்தில் மாமா, ஃபோர்மேன் ஏன்னு சொல்லிக் கொடுத்தார்" என்றான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் அவன் "மோட்டார்" என்று ஒற்றை வார்த்தை எழுதியிருக்கிறான்.

ரெஸ்யூமேயை மாற்றி எழுதினோம். நூற்பாலை என்ற தலைப்பின் கீழ் அந்தப் பழுது இரண்டு வரியாக வந்தது: என்ன மோட்டார், என்ன அறிகுறி, எந்த மீட்டரில் பார்த்தது, என்ன மாற்றியது. மோட்டார் நிலை 3, அதற்கு 12. கான்ட்ராக்டரிடம் டி.பி. பெட்டியில் வயர்களை ஒழுங்குபடுத்தும் டிரெஸ்ஸிங்கும் எர்த்திங்கும் உதவியாளாகச் செய்ததை அப்படியே எழுதினோம். பேனலுக்கு 2, அதாவது 4. சப்ளையை நிறுத்தி டேக் மாட்டுவது, மாதாந்திர மெக்கர் அளவுகளைப் பதிவேட்டில் எழுதுவது ஆகியவற்றை ஃபோர்மேன் மேற்பார்வையில் செய்திருக்கிறான், அதற்கும் 2, அதாவது 4. வி.எஃப்.டி.யில் அவன் செய்ததெல்லாம் ஃபால்ட் வந்தால் ரீசெட் பட்டனை அழுத்தியது மட்டும். அதை 2 ஆக்க அவனுக்கு ஆசைதான், நான் 1-லேயே நிறுத்தினேன். பி.எல்.சி.யை எடுத்துவிட்டோம். 12, 4, 2, 4, மொத்தம் 22. ஒரு வேலையும் புதிதாகச் சேரவில்லை, ஒரு பொய்யும் இல்லை.

இரண்டாவது அறிவிப்பு வேறு கதை. அதே தாளை வைத்துக்கொண்டு அப்ரண்டிஸ் அறிவிப்பைப் படித்தபோது எல்லாம் தலைகீழானது. பல பொதுத்துறை அப்ரண்டிஸ் அறிவிப்புகளில் ஏற்கெனவே அப்ரண்டிஸ் பயிற்சி முடித்தவர்களும், ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் உள்ளவர்களும் விண்ணப்பிக்க முடியாது என்று ஒரு வரி இருக்கும். இந்த அறிவிப்பிலும் இருந்தது. மேலே நமக்கு மதிப்பெண் வாங்கித் தந்த 19 மாதமும் இங்கே வாசலிலேயே தடுத்துவிட்டது. எத்தனை மதிப்பெண் என்ற கேள்விக்கே இடமில்லை.

"கான்ட்ராக்டர் வேலையைச் சொல்லாம விட்டுட்டா?" என்று கேட்டான். அவன் வயதில் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் விண்ணப்பத்தில் உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறோம். கான்ட்ராக்டர் பி.எஃப். பிடித்திருக்கிறார், யு.ஏ.என். எண்ணில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கின்றன. பயிற்சியின் நடுவில் தெரிந்தால் அது வரை போட்ட உழைப்பும் போகும். வேண்டாம் என்றேன். apprenticeshipindia.gov.in தளத்தில் தனியார் நிறுவனங்கள் போடும் வாய்ப்புகளில் இந்த நிபந்தனை எல்லாவற்றிலும் இருக்காது, ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கச் சொன்னேன்.

ரயில்வே அப்ரண்டிஸ் பற்றியும் கேட்டான். அங்கே ரெஸ்யூமேயை மெருகேற்றுவதில் நேரம் செலவிடவே வேண்டாம். பத்தாம் வகுப்பு சதவீதத்தையும் ஐ.டி.ஐ. சதவீதத்தையும் கூட்டிச் சராசரி எடுத்து வரிசைப்படுத்துகிறார்கள். அவனுக்குப் பத்தாவதில் 62, ஐ.டி.ஐ.யில் 78, சராசரி 70. அந்த எண்ணை வைத்து முந்தைய பட்டியல்களில் கடைசியாக உள்ளே போனவரின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், வேறு மதிப்பீடு தேவையில்லை.

மெயின்டனன்ஸ் வேலைக்குப் புது ரெஸ்யூமேயை அனுப்பினான், நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அந்த இரண்டு வரியைத்தான் கையில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள்: எந்தப் பேஸில் குறைவு, மெக்கர் எவ்வளவு காட்டியது, ரிலே எத்தனையில் வைத்தாய். வி.எஃப்.டி. பற்றிக் கேட்டபோது ரீசெட் மட்டும்தான் செய்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். வேலை கிடைத்தது, இப்போது இரவு ஷிஃப்டில் இருக்கிறான். வி.எஃப்.டி. டிரைவ் ட்ரிப் ஆகும்போதெல்லாம் ஃபால்ட் கோடையும், காரணத்தையும், சீனியர் என்ன மாற்றினார் என்பதையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுகிறான். வி.எஃப்.டி.க்குப் போட்ட அந்த ஒன்றை அடுத்த தடவை நானே இரண்டாக்கித் தருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.