அந்த ஐம்பது

“முன்னூறுன்னு போட்டிருந்தா பேசாமப் போயிருக்கும்.”

நான் சொன்னது இவ்வளவுதான். கணக்குப் பிரிவில் என் மேசைக்கு வந்த பயணச் செலவு க்ளெய்ம் படிவத்திலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் சொன்னேன். ஆறு மாதம் ஆகிறது, இன்னும் காதுக்குள் இருக்கிறது.

எதிரில் நின்றவர் சர்வீஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையன். அதுதான் அவருடைய முதல் வெளியூர் வேலை. முதல் நாள் சாயங்காலம் கிளம்பி நான்காம் நாள் காலையில் திரும்பியிருந்தார். கையில் ஒரு டாக்சி ரசீதை நீட்டிக்கொண்டிருந்தார். ரசீது என்று சொல்வது மரியாதைக்காகத்தான். அது வெள்ளைத் தாள். வெப்பத்தில் அச்சாகும் அந்த வழவழப்புத் தாளைச் சட்டைப்பையில் வைத்து நான்கு நாள் வெயிலில் அலைந்தால் என்ன மிஞ்சும்? ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தபோது ஒரு 3-ம் பாதித் தேதியும் மங்கலாகத் தெரிந்தன. “350 சார்” என்றார்.

எங்கள் விதி இது: உள்ளூர்ப் போக்குவரத்தில் ஒரு தடவைக்கு 300 வரை ரசீது இல்லாவிட்டாலும், எங்கிருந்து எங்கே, என்றைக்கு, எதற்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அதற்கு மேல் போனால் ரசீது கட்டாயம். அப்படியென்றால் 350-க்கு ரசீது இல்லாதவருக்கு 300 கிடைக்குமா, ஒன்றுமே கிடைக்காதா? விதியில் அது இல்லை. ஒன்றும் கிடையாது என்றுதான் நான் எப்போதும் படித்து வந்தேன். அந்தப் பழக்கத்தில்தான் அந்த வாக்கியம் வாயில் வந்தது. அவர் ஒரு நிமிடம் நின்றார். பேனாவை எடுத்தார். 350-ஐ அடித்துவிட்டு 300 என்று எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டார். நான் டிக் அடித்தேன்.

அந்த க்ளெய்ம் முழுவதையும் சொன்னால்தான் புரியும். கேட்டது மொத்தம் 7,390. டிக்கெட் 1,640, ரசீதோடு ஒரு இரவுத் தங்கல் 1,500, ரசீதோடு டாக்சி 420. இவற்றில் பேச ஒன்றுமில்லை. ரசீதில்லாத டாக்சி இரண்டு, 280-ம் இந்த 350-ம். ரசீதில்லாத தங்கல் ஒன்று, 1,400. மிச்சம் தினப்படி. ஒரு நாளைக்கு 600, கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் பாதிப் பாதி, நடுவில் இரண்டு முழு நாள். ஆக 1,800.

தங்கலுக்கு அவர் போனில் பணம் அனுப்பிய பதிவைக் காட்டினார். தேதி சரி, தொகை சரி. பணம் போனது ஒரு தனிமனிதர் பெயருக்கு. பணம் கொடுத்ததற்கு அது சாட்சி, எதற்குக் கொடுத்தார் என்பதற்கு இல்லை. எத்தனை பேர் தங்கினார்கள், சாப்பாடு சேர்த்தியா என்பதெல்லாம் பில்லில்தான் இருக்கும். சாப்பாடு அதில் சேர்ந்திருந்தால் தினப்படியிலும் அதையே இரண்டாம் முறை கொடுத்ததாகிவிடும். நகல் கேட்டு நானே அந்த விடுதிக்கு இரண்டு முறை போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. பில் இல்லாத இரவுக்கு எங்கள் விதிப்படி 500 தான். சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறவர்களுக்கும் அதே தொகைதான். 900 போயிற்று.

இதுவரை எனக்கு உறுத்தல் இல்லை. பில் இல்லாத 1,400-ஐ செலவுக் கணக்கில் ஏற்றிவிட்டு ஆடிட்டர் முன்னால் நிற்கப்போவது நான்தான்.

உறுத்துவது படிவத்தின் பின்பக்கம். பென்சிலில் அவரே எழுதியிருந்தார்: “2, 3-ம் நாள் மதியச் சாப்பாடு வேலை செய்த இடத்திலேயே கொடுத்தார்கள்.” யாரும் கேட்கவில்லை. தினப்படிக்கு ரசீதே வேண்டாம் என்பதுதான் அதன் சௌகரியம். ஒருவர் எங்கே சாப்பிட்டார், பட்டினி கிடந்து மிச்சம் பிடித்தாரா என்று கம்பெனி கேட்காது. ஆனால் வேறு யாராவது சாப்பாடு போட்டால் மதியத்துக்கு 30 சதவீதம் கழிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கழித்தேன். வேளைக்கு 180 வீதம் இரண்டு வேளைக்கு 360. அவருக்கு எதிராக இருந்த ஒரே ஆதாரம் அவரே எழுதியது. இத்தனை வருடத்தில் இப்படி எழுதிக்கொடுத்த வேறு யாரையும் நினைவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் எங்கேயும் யாரும் ஒருவேளைச் சோறுகூடப் போட்டதில்லை போலிருக்கிறது.

ஆக அனுமதித்தது 6,080. முன்பணம் 6,000 வாங்கியிருந்தார். பயணச் செலவில் 6,080 பற்று, ஊழியர் முன்பணத்தில் 6,000 வரவு, மீதி 80 அவர் கைக்கு. 1,390 வரும் என்று வந்தவர் 80 வாங்கிக்கொண்டு “தேங்க்ஸ் சார்” என்றார். கணக்கு காசு பிசகாமல் நின்றது.

அன்று நான் சொல்லாத ஒன்று உண்டு. பிரிவுத் தலைவர் காரணம் எழுதிக் கையெழுத்திட்டால், ரசீதில்லாத செலவையும் தனித் தலைப்பில் போட்டு விதிவிலக்காக அனுமதிக்கலாம். மாதக் கடைசி. அந்தத் தாள் போய்த் திரும்பி வர ஒரு வாரம் ஆகும், அதுவரை முன்பணம் அவர் பேரில் தொங்கும். அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார் என்பது வேறு விஷயம்.

இன்னொன்றும் உண்டு, அதுதான் பெரியது. படிவத்தில் ‘கோரியது’, ‘அனுமதித்தது’ என்று இரண்டு பத்திகள் அச்சடித்தே இருக்கின்றன. முதலாவதில் 350, இரண்டாவதில் 300, ‘ரசீது அழிந்துவிட்டது, வரம்பு வரை’ என்று ஒரு வரி. வெள்ளைத் தாளையும் சேர்த்துக் குத்தியிருக்கலாம். அதே பணம்தான் போயிருக்கும், ஆனால் தாளில் நடந்தது இருந்திருக்கும். ஆடிட்டர் ஒப்புவாரா என்றால், 300-க்குச் சண்டை போட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது. நான் செய்ய வைத்ததோ, உண்மையில்லாத ஒரு தொகைக்குக் கீழே அவரிடம் கையெழுத்து வாங்கியது. கம்பெனிக்கு அதில் 50 மிச்சம்தானே என்று பல நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அரையாண்டுக் கணக்குக்காகப் போன மாதம் ரசீதில்லாத டாக்சிச் செலவுகளை மட்டும் ஆள்வாரியாகப் பிரித்து அடுக்கினேன். அவர் பெயரில் 11 வரிகள். 290, 295, 300, 285, 295... ஒன்பது வரிகள் 280-க்கும் 300-க்கும் நடுவில். ரசீதோடு வந்த அவருடைய டாக்சிகள் 160-லிருந்து 450 வரை சிதறிக் கிடக்கின்றன. ஓட்டம் ஒன்றுபோல இருக்காது, அதனால் தொகையும் ஒன்றுபோல இருக்காது. வரம்புக்குக் கீழே இப்படிக் கும்பலாக நின்றால் கணக்குப் பார்க்கிறவனுக்குக் கண் அங்கேதான் போகும். ஒருவேளை பெரிய தொகைகளைத் தானே குறைத்துப் போட்டு நஷ்டப்படுகிறாரோ? இல்லை, சின்னதை ஏற்றுகிறாரோ? அந்த எண்களை வைத்து இரண்டையும் சொல்லலாம். கூப்பிட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். கேட்டால், “நீங்கதானே சார் சொன்னீங்க” என்று சொல்லிவிடுவார் என்ற பயத்தில் கேட்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நேற்று அவருடைய புது க்ளெய்ம் வந்தது. மூன்று நாள், முழுத் தினப்படி, ரசீதில்லாத டாக்சி ஒன்று, 295. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் எழுதவில்லை. டிக் அடித்து அனுப்பினேன்.