மூன்றாம் நாள் காய்ச்சல்

இரண்டாவது பிள்ளை சுகப்பிரசவம். மறுநாளே துண்டு வெட்டி, படுவான்கரையில் உள்ள எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் பின்னேரம் பல் கிட்டும் அளவுக்கு ஒரு நடுக்கம், பிறகு காய்ச்சல். “பால் கட்டியிருக்கு புள்ள, பச்சை உடம்புக்கு இப்படித்தான்” என்றா மாமி. நானும் நம்பினேன். பனடோல் இரண்டு போட்டதும் சூடு இறங்கியது. அடிவயிற்று வலி மட்டும் இறங்கவில்லை. மூத்தவனைப் பெற்றபோது பால் குடிக்கும் நேரத்தில் வயிறு இழுத்துப் பிடிக்கும், பின் விட்டுவிடும். இது விடாத வலி, தொட்டால் உயிர் போனது. இரண்டு தரம் வயிற்றோட்டமும் போனது.

காலையில் மிட்வைஃப் அக்கா வீட்டுக்கு வந்தா. காய்ச்சல் அப்போது 37.6 தான். ஆனால் கையைப் பிடித்து நாடி எண்ணியவ முகம் மாறிவிட்டா. 126. பனடோலில் காய்ச்சல் குறைந்தால் நாடியும் குறைய வேண்டும், இது குறையவில்லை என்றா. மார்பைப் பார்த்தா, கல்லாக இல்லை. பால் கட்டிய காய்ச்சல் என்றால் மார்புதான் முதலில் சொல்லுமாம். “ரத்தம் நாறவில்லையே அக்கா?” என்று கேட்டேன். “நாறாததுதான் எனக்குப் பயம்” என்றா. அப்போது எனக்கு விளங்கவில்லை. ஆட்டோவில் மண்முனைப் பாலம் தாண்டும்போது பாதி மயக்கம்.

ஆஸ்பத்திரியில் பிரஷர் 86க்கு 50. இரண்டு கையிலும் ஊசி ஏற்றி, கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த கையோடு சேலைனும் அன்டிபயோட்டிக்கும் தொடங்கினார்கள். ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கவில்லை. எந்தக் கிருமி என்று தெரியாததால் முதலில் பல வகைக் கிருமிகளுக்கும் கேட்கும் மருந்து. ஸ்கேனில் நச்சுக்கொடித் துண்டு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. இருந்திருந்தால் அதை எடுக்காமல் மருந்து மட்டும் போதாதாம்.

மறுநாள் ரத்தத்தில் வளர்ந்தது ‘ஏ’ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ். டொக்டர் ஆறுதலாக விளக்கினார். பிரசவக் கிருமித்தொற்றில் நாற்றம் வருவது பெரும்பாலும் ஈ.கோலை, காற்றில்லாமல் வளரும் கிருமிகள் போன்றவை கலந்திருக்கும்போது. இது நாற்றம் காட்டாமலே சில மணி நேரத்தில் ரத்தத்தில் ஏறிவிடும். பிறகு பெனிசிலினும் கிளின்டமைசினும் சேர்த்து ஏற்றினார்கள். பெனிசிலின் கிருமியைக் கொல்லும்; கிளின்டமைசின் அது நஞ்சு உண்டாக்குவதைத் தடுக்கும். எனக்குப் பிரஷரைக் கெடுத்தது அந்த நஞ்சுதானாம். மூன்றாம் நாள்தான் நாடி 100க்குக் கீழே வந்தது. எல்லாமாக 14 நாள் மருந்து. கைப்பிள்ளையையும் சோதித்து மருந்து கொடுத்தார்கள்.

“வீட்டில் யாருக்கும் தொண்டை நோவா?” என்று டொக்டர் கேட்டபோதுதான் நினைவு வந்தது. பிரசவத்துக்கு முந்தின கிழமை மூத்தவன் தொண்டை நோவென்று சோறு தின்னாமல் என் மடியிலேயே கிடந்தான். இந்தக் கிருமி தொண்டையில் குடியிருப்பது. கை வழியாகவும் வந்திருக்கலாம் என்றார். அவனையும் கூட்டிவரச் சொல்லி, தொண்டையில் பஞ்சு வைத்து எடுத்தார்கள். மிஸ்ஸியின் விரலைக் கடித்துவிட்டான்.