உள்மூலையில் தகைவு எவ்வளவு? ஒரு தாங்கியை மெஷ் மாற்றி மாற்றிச் சோதித்த அனுபவம்

மாடியில் உள்ள சிறிய வேலையறையின் இரும்புத் தூணில் செயின் பிளாக் ஒன்றைத் தொங்கவிட, 8 மில்லிமீட்டர் தகட்டில் எல் வடிவத் தாங்கி ஒன்றை வரைந்தேன். பழைய பைக் எஞ்சினைக் கழற்றித் தூக்குவதே அதன் வேலை. நிற்கும் கால் தூணின் பக்கத்தில் இரண்டு போல்ட்டுகளால் இறுக்கப்படும். கீழிருந்து வெளியே நீளும் கையின் நுனியில் சுமை தொங்கும். கையின் ஆழம் 40 மில்லிமீட்டர், உள்மூலையிலிருந்து சுமைக்கு உள்ள தூரம் 150 மில்லிமீட்டர். எஞ்சினின் எடையோடு, தூக்கும்போது வரும் உலுக்கலுக்கும் இடம் விட்டு, சுமையை 800 நியூட்டன் என்று வைத்துக்கொண்டேன். தகடு ஐ.எஸ். 2062 தரத்தில் ஈ250 வகை. இந்தத் தடிமனுக்கு அதன் இளகு தகைவு, அதாவது உலோகம் நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு, குறைந்தது 250 மெகாபாஸ்கல்.

கணினிக்குப் போகும் முன் கைக்கணக்கு ஒன்று போட்டு வைத்தேன். மூலையில் வளைதிருப்பம் 1,20,000 நியூட்டன் மில்லிமீட்டர். 8 க்கு 40 வெட்டுமுகத்தின் மாடுலஸ் 2133 கன மில்லிமீட்டர். ஆகவே பெயரளவு வளைதகைவு 56 மெகாபாஸ்கல். மூலையில் இதைவிடக் கூடுதலாக இருக்கும் என்பது தெரிந்ததே. எவ்வளவு கூடும் என்பதற்காகத்தான் ஃப்ரீகேட் வரைவு மென்பொருளில் மாதிரியை உருவாக்கி, ஜிமெஷ் கொண்டு அதை இரண்டாம் படி நான்முகி எலிமெண்ட்டுகள் என்னும் சிறு துண்டுகளாகப் பிரித்து மெஷ் போட்டு, தகைவைக் கணக்கிடும் கால்குலிக்ஸில் ஓட்டினேன். மாதிரியில் உள்மூலை சரியான 90 பாகையில், எந்த வளைவும் இல்லாமல் இருந்தது. வரைபடத்தில் பெரும்பாலோர் அப்படித்தான் விட்டுவிடுவார்கள்.

மூலையருகே எலிமெண்ட் அளவு 4 மில்லிமீட்டராக இருந்தபோது உச்சத் தகைவு 118 மெகாபாஸ்கல் வந்தது. இளகு தகைவோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கு மேல் இடைவெளி; இங்கேயே நிறுத்திவிட்டால் தாங்கி தேறிவிடும். எலிமெண்ட்டை 2 மில்லிமீட்டராகக் குறைத்தபோது 158, 1 மில்லிமீட்டரில் 215, அரை மில்லிமீட்டரில் 294. அதே தகடு, அதே சுமை. ஆனால் கடைசி விடை இளகு தகைவைத் தாண்டிவிட்டது. வேறு விதமாகச் சொன்னால், எனக்கு வேண்டிய விடையை மெஷ் அளவைத் தேர்ந்தெடுப்பதன் மூலம் நானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்ற நிலை.

எண்கள் ஏறுகின்றன என்பதோடு, எந்த விகிதத்தில் ஏறுகின்றன என்று பார்ப்பதில்தான் பயன் அதிகம். அடுத்தடுத்த உச்சங்களை வகுத்தால் 1.34, 1.36, 1.37 என்று வருகிறது. எலிமெண்ட் அளவைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே பெருக்கல். ஏற்றம் தணிவதாகவே இல்லை. இதற்குக் காரணம் மென்பொருளில் இல்லை, நாம் தீர்க்கச் சொன்ன கணக்கில் இருக்கிறது. 1952-இல் எம். எல். வில்லியம்ஸ் இத்தகைய மூலைகளின் நேரியல் மீள்மைத் தீர்வை ஆராய்ந்தார். உலோகம் 270 பாகைக்குச் சூழ்ந்திருக்கும் உள்மூலை விரியும்படி இழுக்கப்பட்டால், மூலைக்கு மிக அருகில் தகைவு பின்வருமாறு மாறும்:

```
σ ∝ r^(-0.4555)
```

இங்கே r என்பது மூலையிலிருந்து உள்ள தூரம். r பூச்சியத்தை நெருங்கினால் தகைவு எல்லையில்லாமல் ஏறும். அதாவது இந்தக் கணக்குக்கு மூலையில் விடையே கிடையாது. தூரத்தைப் பாதியாக்கினால் தகைவு 2-இன் 0.4555 அடுக்கு, அதாவது 1.37 மடங்கு ஆகும். என் விகிதங்கள் நெருங்கிக்கொண்டிருந்த எண்ணும் அதுவே. ஆகவே "மெஷ் இன்னும் போதவில்லை, மேலும் நுணுக்கினால் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை. விரிசல் நுனி போன்ற முழுக் கூர்மையான பிளவாக இருந்தால் அடுக்கு 0.5 ஆகும், அப்போது விகிதம் 1.41-ஐ நோக்கிப் போகும். 1.37 முதல் 1.41 வரையிலான விகிதம் விடாமல் வந்துகொண்டிருந்தால் சிங்குலாரிட்டியை, அதாவது தகைவு எல்லையில்லாமல் ஏறும் புள்ளியை, சந்தேகிக்கலாம்; விகிதம் 1-ஐ நோக்கி இறங்கினால் மட்டுமே அது விடை ஒரு நிலையான எண்ணை நெருங்கும் குவிதல்.

கூர்மூலை மாதிரி முழுக்க வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. மூலையிலிருந்து 60 மில்லிமீட்டர் தள்ளி, கையின் மேல்விளிம்பில் தகைவைப் படித்தேன். கைக்கணக்கில் அங்கே 33.75 மெகாபாஸ்கல், நான்கு மெஷ்களிலும் அதிலிருந்து ஒரு விழுக்காட்டுக்குள்ளேயே விடை இருந்தது. நுனி கீழிறங்கும் அளவும் முதல் மெஷ்ஷிலிருந்து கடைசி மெஷ் வரை ஒரு விழுக்காடுகூட மாறவில்லை. எதிர்விசைகளின் கூட்டுத்தொகை 800 நியூட்டன். நுனி இறக்கம் நிலைபெற்றுவிட்டது என்பதைக் காட்டி "மெஷ் குவிந்துவிட்டது" என்று முடிப்பதில் உள்ள ஆபத்தும் இதுவே: இடப்பெயர்ச்சி குவிந்தது உண்மை, ஆனால் அதே மாதிரியில் மூலைத் தகைவுக்குக் குவிய ஓர் இடமே இல்லை. எந்த அளவை நம்பப் போகிறோமோ, அந்த அளவை, அந்த இடத்திலேயே சோதிக்க வேண்டும்.

இதைவிட நயமாக ஏமாற்றும் ஒரு நிலையையும் வேண்டுமென்றே செய்து பார்த்தேன். மூலையைச் சுற்றி எலிமெண்ட் அளவை 1 மில்லிமீட்டராக நிலைநிறுத்திவிட்டு, மீதித் தாங்கியின் மெஷ்ஷை மட்டும் 8, 4, 2 மில்லிமீட்டர் என்று நுணுக்கினேன். உச்சத் தகைவு மூன்றிலும் 215-ஐ ஒட்டியே நின்றது. வரைபடமாகப் போட்டால் அழகான கிடைக்கோடு. எலிமெண்ட்டுகளை இணைக்கும் புள்ளிகளான கணுக்களின் எண்ணிக்கையோ பல மடங்கு. அறிக்கையில் இப்படியொரு கோட்டைக் காட்டினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் உச்சம் எழும் இடத்தில் எதுவுமே மாறாததால்தான் உச்சமும் மாறவில்லை. இதனால் இப்போதெல்லாம் குவிதல் படங்களில் கிடை அச்சில் மொத்தக் கணு எண்ணிக்கை மட்டும் இருந்தால் நான் நம்புவதில்லை. உச்சம் வரும் இடத்தின் எலிமெண்ட் அளவு என்ன என்பதே என் முதல் கேள்வி.

நிறப்படமும் ஓரளவு இதற்கு உடந்தை. கால்குலிக்ஸ் தகைவை எலிமெண்ட்டுக்குள் உள்ள தொகையீட்டுப் புள்ளிகளில் கணக்கிட்டு, கணுக்களுக்கு நீட்டி, அங்கே கூடும் எலிமெண்ட்டுகளின் மதிப்புகளைச் சராசரியாக்கித் தருகிறது. பக்கத்துப் பக்கத்து எலிமெண்ட்டுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்பது இந்தச் சராசரியில் மறைந்துவிடும். உள்ளீட்டுக் கோப்பில் பிழை மதிப்பீட்டையும் கேட்டுப் பெறலாம்:

```
*EL FILE
S, ERR
```

கூர்மூலையில் மெஷ்ஷை நுணுக்க நுணுக்கப் பிழை பரவும் இடம் சுருங்கியது. ஆனால் மூலையிலேயே அதன் அளவு குறையவில்லை. மூலையை வளைவாக்கி அடுத்துச் செய்த மாதிரியில் அது ஒழுங்காகக் குறைந்துகொண்டே வந்தது. ஒரே ஒரு ஓட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல இந்தப் பிழைப்படம் போதாது. இரண்டு மெஷ்களை ஒப்பிடும்போதுதான் பேசுகிறது.

வளைவுக்கு வந்த வழி அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேசர் வெட்டும் பட்டறை ஒன்றிலிருந்து. விலை கேட்க வரைபடத்தை அனுப்பியபோது அங்கிருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "சார், உள் கார்னர்ல ஆர் எவ்வளவு போடணும்? ட்ராயிங்ல ஒண்ணுமே இல்லியே." மெய்யான தகட்டில் பூச்சிய ஆரம் என்று ஒன்று இல்லை; யாராவது ஓர் எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும். 4 மில்லிமீட்டர் என்று வைத்து, மூலையை அந்த ஆரத்தில் வளைவாக்கும் ஃபில்லட்டை மாதிரியிலும் சேர்த்தேன்.

இம்முறை ஃபில்லட்டின் முகத்தில் எலிமெண்ட் அளவை மாற்றினேன். 4 மில்லிமீட்டர் ஆரத்தின் கால்வட்ட வில் 6.3 மில்லிமீட்டர் நீளம்; ஆகவே 2 மில்லிமீட்டர் எலிமெண்ட் என்றால் வில்லின் மேல் மூன்று, 1 மில்லிமீட்டர் என்றால் ஆறு, அரை மில்லிமீட்டர் என்றால் பன்னிரண்டு சொச்சம். உச்சத் தகைவு முறையே 107.9, 111.2, 112.1 மெகாபாஸ்கல். வேறுபாடுகள் 3.3, பிறகு 0.9, அதாவது ஒவ்வொரு பாதியாக்கலிலும் வேறுபாடு ஏறத்தாழ 3.7-இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. இந்தச் சுருக்கம் இப்படியே தொடரும் என்று கொண்டால், ரிச்சர்ட்சன் முறையில் எல்லை மதிப்பையும் கணிக்கலாம்: 0.9-ஐ (3.7 − 1)-ஆல் வகுத்து, வந்த 0.33-ஐக் கடைசி விடையோடு கூட்டினால் 112.4. அரை மில்லிமீட்டர் மெஷ்ஷின் விடை இதிலிருந்து அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே விலகியிருக்கிறது. 1 மில்லிமீட்டர் மெஷ்ஷேகூட என் வேலைக்குப் போதும். மூன்று மெஷ்களிலும் உச்சம் ஃபில்லட்டின் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் வந்தது என்பதையும் பார்த்துக்கொண்டேன். உச்சம் இடம் தாவினால் அந்த எண்களைத் தமக்குள் ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

கூர்மூலையின் முதல் மெஷ் தந்த 118-உம் இந்த 112-உம் அருகருகே நிற்பதைக் கவனித்தவர்கள், முதலில் கிடைத்ததே சரிதானே என்று கேட்கலாம். 4 மில்லிமீட்டர் எலிமெண்ட் அந்தக் கூர்மூலையைத் தன் அளவுக்கு மழுக்கிக் காட்டியது. நான் பிறகு தேர்ந்தெடுத்த ஆரமும் 4 மில்லிமீட்டராக அமைந்தது. ஃபில்லட்டை 2 மில்லிமீட்டராக்கி அதையும் குவியும்வரை நுணுக்கியபோது 149 வந்தது. கூர்மூலையின் 2 மில்லிமீட்டர் மெஷ் சொன்னது 158. கூர்மூலையில் எலிமெண்ட் அளவு, யாரும் கேட்காத ஓர் ஆரத்தைப் போல நடந்துகொள்கிறது என்றே இதைப் புரிந்துகொள்கிறேன். ஆரத்தை வரைபடத்தில் குறிக்கலாம், வெட்டி வந்த தகட்டில் ஆரமானி வைத்துச் சரிபார்க்கலாம்; எலிமெண்ட் அளவுக்கு அந்த யோக்கியதை இல்லை.

நிலையான சுமையின் கீழ் மென்னெஃகில் மூலையின் ஒரு புள்ளி இளகுவதால் தாங்கி உடனே முறிந்துவிடாது. சுற்றியுள்ள உலோகம் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். ஆனால் ஏற்றி இறக்கும் சுமையில் விரிசல் தொடங்குவது அந்த மூலையில்தான் என்பதால் ஆரத்தைத் தாராளமாக்குவதே மேல் என்று தோன்றியது. 6 மில்லிமீட்டரில் உச்சம் 96 மெகாபாஸ்கல். பட்டறைக்குப் போன வரைபடத்தில் அந்த ஆரமே இருக்கிறது.

போல்ட் துளைகள் இன்னும் பாக்கி. துளையின் உட்பரப்பு முழுவதையும் அசையாதபடி கட்டியிருந்ததால் அதன் விளிம்பிலும் ஒரு சிவப்புப் பட்டை தோன்றியது. மெஷ்ஷை நுணுக்க நுணுக்க அதுவும் ஏறிக்கொண்டே போனது. கட்டிய பரப்பு முடிந்து கட்டாத பரப்பு தொடங்கும் கோட்டிலும் சிங்குலாரிட்டி எழும் என்பதால் அந்த எண்களை விட்டுவிட்டேன். ஃபில்லட்டின் விடை அதனால் கெடவில்லை: துளைகளுக்குப் பதிலாகக் காலின் பின்விளிம்பைக் கட்டி ஓட்டியபோதும் ஃபில்லட் உச்சம் ஒரு விழுக்காடுகூட நகரவில்லை. துளையைச் சுற்றிய உண்மையான தகைவுக்கு போல்ட்டையும் வாஷரையும் தனி உறுப்புகளாக வரைந்து, தொடுபரப்போடு இன்னொரு மாதிரி செய்ய வேண்டும். அடுத்து அதைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.