நீரோரத்து இலைக்கோடு: குறிப்பில்லாத காட்டுப் படங்களைப் பிரித்த அனுபவம்

படக்குறிப்புகள் தொலைந்துபோன சுமார் 400 நிலக்காட்சி நிழற்படங்களை அலையாத்திக் காடு, மழைக்காடு, சவன்னா, வடபுல ஊசியிலைக் காடு என நான்கு கட்டுகளாகப் பிரித்துத் தரும் பொறுப்பு ஒருமுறை என்னிடம் வந்தது. எல்லாமே மலைமுகட்டிலிருந்தோ சிறு விமானத்திலிருந்தோ எடுக்கப்பட்ட அகன்ற படங்கள். அவற்றில் பல மரங்கள் கடுகளவுக்கு மேல் இல்லை. இலையையும் பூவையும் பார்த்து மரத்தை அறியும் பழக்கம் இங்கே உதவாது என்பதால், முதல் நாள் நிறத்தை நம்பினேன். அடர்பச்சை என்றால் மழைக்காடு, வைக்கோல் நிறம் என்றால் சவன்னா, கருமை கலந்த பச்சை என்றால் ஊசியிலைக் காடு என்று வேகமாக அடுக்கிக்கொண்டே போனேன்.

அந்த அடுக்கில் பாதியை மறுநாள் கலைக்க வேண்டியதாயிற்று. மழைக்காலத்துச் சவன்னா நன்றாகவே பச்சையாக இருக்கும். லார்ச் ஊசியிலை மரம்தான். ஆனாலும் இலையுதிர் காலத்தில் பொன்மஞ்சளாகி, ஊசிகளை முழுவதும் உதிர்த்துவிடும். போதாததற்கு, படம் எடுத்தவர் வண்ணத்தைக் கூட்டியோ குறைத்தோ இருந்தால் நிறம் எதற்கும் சாட்சியாகாது.

எனக்குப் பாடம் புகட்டியது ஒரே ஒரு படம். வானிலிருந்து சாய்கோணத்தில் எடுத்தது; அடிவானம் வரை பச்சைப் பரப்பு, நடுவில் பாம்பாக வளையும் பழுப்பு ஆறு, வலப்புறம் வெளிறிய வெற்றிடம் ஒன்று. தாழ்நில மழைக்காடு, அதில் மரம் வெட்டிய திடல் என்று முடிவுகட்டி எழுதியும் வைத்துவிட்டேன். தாவரவியல் படித்த மூத்த நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "ஆற்றைப் பார்த்தீர்களே, ஆறு எந்தப் பக்கம் மெலிகிறது என்று பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தின் கீழ்ப்பகுதியில் அகன்றிருந்த அந்த நீர்வழி, மேலே போகப் போகக் குறுகி, இலை நரம்பைப்போலக் கிளைபிரிந்து, கடைசியில் நூலாகிக் காட்டுக்குள்ளேயே முடிந்துபோயிருந்தது. மழைக்காட்டுச் சமவெளியில் ஓடும் ஆறு அப்படி முடிவதில்லை. எங்கிருந்தோ நீரைக் கொண்டுவருவதால், பார்வை எட்டும் தூரம் வரை ஏறத்தாழ ஒரே அகலத்தில் வளைந்து செல்லும்; அறுந்துபோன பழைய வளைவுகள் குதிரைக் குளம்பு ஏரிகளாக இரு பக்கமும் கிடக்கும். கடல் ஓதம் நாள்தோறும் ஏறி இறங்குவதால் உருவாகும் கழிக்கோ வாய் அகலமாகவும் உட்புறம் குறுகலாகவும் இருக்கும். அறுந்த வளைவுகள் அதனருகே அரிது. என் படத்தில் ஓர் அறுந்த வளைவுகூட இல்லை.

அடுத்து, இடது ஓரத்தில் கரை தெளிவாகத் தெரிந்த ஓர் அங்குலப் பகுதியை எடுத்துக்கொண்டேன். அங்கே தழையின் அடிவிளிம்பு, கத்தரித்துவிட்ட வேலியைப்போல நீர்மட்டத்துக்கு இணையாக ஒரே கோட்டில் ஓடியது. அதன் கீழே வேர்களின் சிக்கலான நிழலும், அதற்கும் கீழே ஈரச் சேற்றின் சாம்பல்நிறப் பட்டையும் இருந்தன. உயர் ஓதத்தில் உப்புநீர் தொடும் மட்டத்துக்குக் கீழே இலைகள் நிலைப்பதில்லை என்பதால்தான் அந்தக் கோடு உண்டாகிறது. தொலைவுப் படத்தில் அலையாத்தி மரங்களைத் தாங்கி நிற்கும் முட்டு வேர்களைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்வதைவிட இந்தக் கோட்டைத் தேடுவது பயனுள்ளது. வேர்கள் மூழ்கியிருக்கும் உயர் ஓத வேளையிலும், இலைவிளிம்பு நீரைத் தொட்டபடி மட்டமாகவே தெரியும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. நடு அமேசான் பகுதியில் ஆற்று மட்டம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 10 மீட்டர் ஏறி இறங்குவதால், வெள்ளத்தில் நிற்கும் மழைக்காடும் நீருக்குள் வளர்ந்த காடாகவே படத்தில் தோன்றும். ஆனால் அங்கே அடிமரங்கள் நேராக நீருக்குள் இறங்கும், தழையின் கீழ்விளிம்பு கண்டபடி ஏறி இறங்கும். நீர் வடிந்த பருவத்திலோ அடிமரங்களில் ஆளுயரத்துக்கும் மேலே வெள்ளக்கறை தெரியும்.

கரையிலிருந்து கண்ணை மேலே உயர்த்தியபோது மீதி ஐயமும் தீர்ந்தது. மழைக்காட்டின் மேற்பரப்பு ஒழுங்கற்றது: 30 மீட்டர் உயரத்தில் ஒரு கூரை, அதைத் துளைத்துக்கொண்டு ஆங்காங்கே தனித்து எழும் பெருமரங்கள், ஒன்றோடொன்று ஒட்டாத பத்துவிதப் பச்சைகள், நடுவில் பூத்தோ இலையுதிர்த்தோ நிற்கும் ஒற்றை மரம். என் படத்திலிருந்த காடோ பாய் விரித்ததுபோலச் சமமாக, கழியோரம் ஒரு பச்சை, உள்ளே வேறொரு பச்சை எனப் பட்டை பட்டையாக இருந்தது. வெட்டிய திடல் என்று நான் எழுதிய வெற்றிடத்துக்குப் பாதையும் இல்லை, நேரான விளிம்பும் இல்லை. உயர்ந்த ஓதங்கள் மட்டும் எட்டி, பிறகு ஆவியாகி உப்பு மிஞ்சும் உவர்வெளி அது. வறண்ட பருவம் உள்ள கடற்கரைகளில் அலையாத்திக் காட்டின் பின்புறம் இப்படிப்பட்ட வெளிகள் அமைவதுண்டு. எழுதியிருந்ததை அடித்து, அலையாத்திக் காடு என்று திருத்தினேன்.

சவன்னாவும் வடபுலக் காடும் குழம்பும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் வெளிர்மஞ்சள் தரையில் மரங்கள் இடைவெளி விட்டு நின்ற ஒரு படத்தைச் சவன்னாக் கட்டில் வைத்துவிட்டுப் பிறகுதான் நிழல்களைக் கவனித்தேன். ஒவ்வொரு நிழலும் ஈட்டிபோல நீண்டு கூர்மையாக முடிந்தது. மரங்கள் ஸ்புரூஸ் என்னும் ஒல்லியான ஊசியிலை மரங்கள். தரை புல் அன்று, பாசியும் பூஞ்சையும் இணைந்து வாழும் லைக்கன் விரிப்பு. கனடாவின் வடக்கே இத்தகைய திறந்த காடுகள் பரந்து கிடக்கின்றன. சவன்னாவின் குடைவடிவ வேல மரம் அகன்ற நிழலை விழவைக்கும். மேயும் விலங்குகள் எட்டும் உயரத்தில் அதன் கீழ்விளிம்பும் மட்டமாகவே இருக்கும் என்பதால், அலையாத்தியின் கோட்டோடு அதைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, கீழே புல்லா நீரா என்று பார்த்துக்கொண்டேன்.

நிழல் தெரியாத மேகமூட்டப் படங்களுக்குத் தாழ்நிலங்கள் கைகொடுத்தன. சவன்னாவில் ஓடை போகும் வழியெங்கும் மரங்கள் நெருங்கி, கரும்பச்சை நாடாவாகத் தெரியும். வடபுலத்திலோ அரைகுறையாக மட்கிய தாவரங்கள் படிந்து, ஈரம் தேங்கிய கரிச்சதுப்பில் மரங்கள் குறுகிக் குட்டையாகி, நடுவில் வெறும் சதுப்பே மிஞ்சும். சுருங்கச் சொன்னால், ஓரிடத்தில் நீரை நோக்கி மரம் கூடுகிறது, மற்றோரிடத்தில் தேங்கிய நீரை நோக்கி மரம் குறைகிறது. எண்ணற்ற சிறு ஏரிகளும், பழைய தீயின் பெரிய சாம்பல்நிறத் திட்டுகளும், இடையிடையே பிர்ச் மரங்களின் இளம்பச்சைத் தீவுகளும் இருந்தால் அந்தப் படத்தில் எனக்குத் தயக்கமே இருந்ததில்லை.

கடைசியில் 11 படங்கள் எந்தக் கட்டிலும் சேரவில்லை. அவற்றில் ஒன்று விடியற்காலை மூடுபனியில் எடுத்தது. நீரும் தெரியவில்லை, தரையும் தெரியவில்லை, சம உயரத்தில் நெருங்கிய மரத்தலைகள் மட்டுமே தெரிந்தன. சமமான கூரை என்பதால் அலையாத்தி என்று எழுதக் கை துணிந்தது. ஆனால் வெப்பமண்டலக் கரிச்சதுப்புக் காடுகளிலும் கூரை அப்படித்தான் சமமாக அமையக்கூடும். அந்த 11 படங்களையும் தனி உறையிலிட்டு, ‘நீர்விளிம்பு தெரியவில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன்.