சித்திக்கு ஒரு கொலாஜ்: இடைவெளியும் நிழலும்

மார்ச் 4

சித்தி இந்த மாதக் கடைசியில் பணி ஓய்வு பெறுகிறார். அவருடைய பழைய படங்களைத் தொகுத்து, சட்டம் போட்டு மாட்டும்படியான கொலாஜ் ஒன்று கொடுப்பதாக முடிவு. படம் சேகரிப்பது தங்கையின் பொறுப்பு, அடுக்குவது என்னுடையது.

அளவு 16 × 12 அங்குலம். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால் 4800 × 3600. இதை முதலிலேயே நிர்ணயித்துக்கொள்வது நல்லது. இடைவெளி, நிழலின் பரவல் எல்லாமே பிக்சலில் கொடுக்கப்படுவதால், பாதியில் தாளின் அளவை மாற்றினால் அத்தனையையும் மறுபடி கணக்குப் போட வேண்டும்.

தங்கை அனுப்பிய குவியலிலிருந்து பதினொரு படங்களைத் தேர்ந்தெடுத்தேன். கல்லூரி வாசலில் நிற்கும் படம் மங்கல்தான், ஆனாலும் அதை விட மனமில்லை. சின்னதாக வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 6

அகலப்படமும் நெட்டைப்படமும் கலந்து கிடக்கும்போது கண்ணளவாக நகர்த்தி இடைவெளியைச் சமமாக்குவது முடியாத காரியம். ஒரு பக்கம் சரிசெய்தால் மறுபக்கம் பிதுங்கும். அதனால் வரிசை வரிசையாகப் பிரித்துவிட்டேன். ஒரு வரிசையில் இருக்கும் எல்லாப் படங்களுக்கும் ஒரே உயரம். அந்த உயரம் எவ்வளவு என்பதைக் கணக்கே சொல்லிவிடும்.

இடம் வலம் இரண்டிலும் 240 பிக்சல் ஓரம் விட்டால் நடுவில் 4320 மிஞ்சும். படங்களுக்கிடையே 90. முதல் வரிசையில் மூன்று படங்கள்: அகலம், நெட்டை, அகலம். ஒவ்வொன்றின் அகலத்தையும் அதன் உயரத்தால் வகுத்தால் 1.5, 0.667, 1.5, கூட்டினால் 3.667. மூன்று படங்களுக்கு நடுவே இரண்டு இடைவெளி, அதாவது 180. அதைக் கழித்தால் 4140. 4140-ஐ 3.667-ஆல் வகுத்தால் 1129, இதுதான் வரிசையின் உயரம். அகலங்கள் 1694, 752, 1694.

இரண்டாம் வரிசையில் இரண்டு அகலம், இரண்டு நெட்டை, உயரம் 935. மூன்றாவதில் கல்லூரிப் படத்தைச் சதுரமாக வெட்டி நடுவில் வைத்தேன், உயரம் 868. மூன்று உயரங்களையும் இரண்டு இடைவெளிகளையும் கழித்தால் மேலும் கீழும் 244 பிக்சல் மிச்சம். பக்க ஓரத்தைவிட நான்கு பிக்சல் அதிகம். அச்சில் அது மூன்றில் ஒரு மில்லிமீட்டர், போகட்டும்.

வெளி ஓரத்துக்கும் 90 போதாதா என்று தங்கை கேட்டாள். போதாது. சட்டத்தின் உதடு நாலு பக்கமும் சுமார் கால் அங்குலத்தை மூடிவிடும், அது 75 பிக்சல். 90 விட்டால் கண்ணுக்குத் தெரிவது வெறும் 15, ஓரப் படங்கள் சட்டத்தில் போய் முட்டி நிற்கும். 240 விட்டால் 165 தெரியும்.

மார்ச் 9

பின்னணிக்குத் தடித்த பருத்தித் துணி. இணையத்தில் கிடைக்கும் சின்னத் துணிப்படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் நூல் கயிறாகிவிடும், மங்கலாகவும் இருக்கும். அதனால் வீட்டிலிருந்த துணியையே தேய்த்து, விரித்துப் படமெடுத்தேன். நேர் மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் நூல் மேடுகள் தெரியாது. ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் சாய்ந்து வர வேண்டும். ஆனால் ஜன்னலை ஒட்டியும் வைக்கக்கூடாது. ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் இருட்டாகவும் வந்தால், ஒரே அளவு நிழல்கூட இருட்டுப் பக்கத்தில் காணாமல் போனதுபோல் இருக்கும். நன்றாகத் தள்ளி வைத்தபோது வெளிச்சம் ஓரளவு ஒரே சீராக வந்தது.

இனி எந்த நிழலைப் போட்டாலும் இந்தத் துணி சொல்வதைத்தான் கேட்க வேண்டும். பெரிதாக்கிப் பார்த்தால், ஒவ்வொரு நூலின் வலது மேல் விளிம்பு வெளுத்தும் இடது கீழ் விளிம்பு கறுத்தும் இருக்கிறது. வெளிச்சம் வலது மேலிருந்து வருகிறது என்று அர்த்தம். இதன்மேல் படங்களின் நிழலை வலது கீழாக விழவைத்தால், ஏதோ ஒட்டவில்லை என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். காரணம் சொல்லத் தெரியாது. துணிப் படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டேன். இப்போது வெளிச்சம் இடது மேலிருந்து.

துணிப் படத்தின் கான்ட்ராஸ்டையும் நன்றாகக் குறைத்தேன். நூலின் கருமையும் நிழலின் கருமையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் மென்மையான நிழல் துணிக்குள் அமிழ்ந்துவிடும்.

மார்ச் 12

இன்று முழுக்க நிழல். ஃபோட்டோஷாப்பில் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக `Drop Shadow` கொடுத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை நடக்கிறது. நிழலை அகலமாகப் பரவவிட்டால், மேல் லேயரில் உள்ள படத்தின் நிழல் இடைவெளியைத் தாண்டிப் பக்கத்துப் படத்தின்மேல் விழுகிறது. ஆனால் பக்கத்துப் படம் மேல் லேயரில் இருந்தால் விழாது. ஆகச் சில படங்களின் இடது ஓரம் அழுக்குப் படிந்ததுபோல் இருக்க, மற்றவை சுத்தமாக இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அதே எண்களைத்தான் கொடுத்திருக்கிறோம், இருந்தும் நிழல் சீராக இல்லை.

இதற்கு வழி, பதினொரு படங்களையும் ஒரே குரூப்பில் போட்டு, நிழலைக் குரூப்புக்கு மட்டும் கொடுப்பது. அப்போது நிழல் குரூப்புக்குக் கீழே இருக்கும் துணியில்தான் விழும், ஒரு படத்தின் நிழல் இன்னொன்றின்மேல் ஏறாது. பின்னால் மாற்ற வேண்டுமென்றாலும் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

எண்கள் இவை: கோணம் 135, `Distance` 14, `Size` 40, `Spread` பூஜ்யம். 135 என்பதால் நிழல் வலப்பக்கம் பத்து, கீழ்ப்பக்கம் பத்து பிக்சல் நகரும். `Size` தரும் 40-ஐயும் சேர்த்தால் ஐம்பதுக்குள் மங்கி முடிந்துவிடும்; இடைவெளி 90 என்பதால் நடுவே சுத்தமான துணி ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோடு இருக்கும்வரைதான் இடைவெளி சமமாகப் படும்.

நிறத்துக்குக் கறுப்பு வேண்டாம் என்று நினைத்தேன். துணியின் பழுப்பையே நன்றாகக் கறுக்க வைத்து, `Multiply` முறையில் 40 சதவீதம். சாதாரண முறையில் பழுப்பைப் போட்டால் நூல் இழைகளின் மேல் சாயம் பூசியதுபோல் தட்டையாகும். இதில் நிழலுக்குள்ளும் நூல் தெரிகிறது.

மார்ச் 15

ஒரே ஒரு படம் உறுத்தியது. வெளிறிய வானம் இடது மேல் மூலைவரை போகும் கடற்கரைப் படம். அந்தப் பக்கம் நிழல் மிக மெல்லியது, துணியும் வெளிர் நிறம், விளிம்பு கரைந்துபோய் இடைவெளி அங்கே மட்டும் அகலமாகத் தோன்றுகிறது. அளந்தால் 90தான். எல்லாப் படங்களுக்கும் மூன்று பிக்சல் சாம்பல் கோடு போட்டேன், `Inside` என்று வைத்து. வெளிப்பக்கம் வைத்தால் அந்தக் கோடு இடைவெளியைத் தின்னும். அந்த ஒரு படத்துக்கு மட்டும் போட்டால் அது வேறு மாதிரி தெரியும்.

மார்ச் 18

முழுத் தாளை அச்சிடும் முன் ஒரு சோதனை. கொலாஜைச் சுருக்கி அச்சிட்டால் நிழலும் சுருங்கிவிடும், ஒன்றும் தெரியாது. அதனால் மூன்று படங்கள் சந்திக்கும் மூலையிலிருந்து 1800 × 1200 பிக்சலை அப்படியே வெட்டி, 6 × 4 அங்குலத்தில் அச்சிட வைத்தேன். திரையில் மென்மையாக இருந்த நிழல் காகிதத்தில் கனமாக வந்திருக்கிறது. திரை தானாக ஒளிர்வது, காகிதம் அப்படியல்ல. 40-ஐ 30 ஆக்கினேன்.

"அக்கா, இதுல நிழல் இருக்கா இல்லையான்னே தெரியல" என்றாள் தங்கை, இரண்டாவது துண்டைப் பார்த்து. படங்கள் துணிமேல் வைத்ததுபோல் இருக்கிறதா என்றேன். இருக்கிறது என்றாள். அப்புறம் என்ன.

மார்ச் 20

கோப்பை sRGB-யில் JPEG ஆகச் சேமித்து அனுப்பியாயிற்று. லேயர்கள் உள்ள மூலக் கோப்பு தனியாக இருக்கிறது, சித்தப்பா இன்னொரு படத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வரலாம். அச்சகத்தில் இரண்டு விஷயம் சொன்னேன்: தானியங்கி நிறத்திருத்தம் வேண்டாம், தாளுக்கேற்பப் பெரிதாக்கவும் வேண்டாம். நிறத்திருத்தம் ஓடினால் துணி வெளுத்து நிழல் கறுத்துவிடும். பெரிதாக்கினால் ஓரங்கள் வெட்டுப்படும், 240 விட்டதற்குப் பலனில்லை. திங்கட்கிழமை தருகிறார்கள்.